இருபத்தெட்டு மாசக் கணக்கு

கண்புரை அறுவைக்குப் பிறகு பன்னிரண்டு நாள் அக்கா வீட்டில் இருந்தேன். மடிப்பாக்கத்தில் இரண்டாம் மாடி. ஒரு கண்ணுக்குத்தான் முடிந்திருந்தது, மற்றதில் புரை அப்படியே இருக்கிறது. பழைய கண்ணாடி புதுக் கண்ணுக்கு ஒத்துவராததால் படிக்க முடியாது. தலைக்குக் குளிக்கக்கூடாது, குனியக்கூடாது, ஒரு நாளைக்கு ஆறு தடவை சொட்டு மருந்து. மிச்ச நேரமெல்லாம் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பிரம்பு நாற்காலி, நான். அங்கே உட்கார்ந்தால் வாசலும் தெரியும், சமையலறையும் தெரியும். சமையலறையில் முதலில் கண்ணில் படுவது அந்த மெஷின்.

பாத்திரம் கழுவும் மெஷின். சாம்பல் நிறம், இடுப்பு உயரம். வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. விலை 42,000 ரூபாய். இதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் நாள் காபி டம்ளரை நான் கீழே வைப்பதற்குள் அத்தானே சொன்னார்.

"மாப்ள, நாப்பத்திரண்டாயிரம்னா மலைப்பாத்தான் இருக்கும். ஆனா கணக்குப் போட்டுப் பாரு. பாத்திரம் தேய்க்கற அம்மாவுக்கு மாசம் ஆயிரத்து ஐந்நூறு. இருபத்தெட்டு மாசத்துல போட்ட காசு வந்துரும். அதுக்கப்புறம் ஓடறதெல்லாம் லாபம்."

அத்தான் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் இருந்தவர். கணக்கில் பிழை வராது. 42,000-ஐ 1,500-ஆல் வகுத்தால் 28 தான். நான் தலையாட்டினேன். அக்கா சமையலறையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கம்பி நார் இரும்புக் கடாயில் உரசும் சத்தம் கேட்டது.

மறுநாள் ஒன்றுவிட்ட சித்தி வந்தாள், என்னை நலம் விசாரிக்க. என் கண்ணைப் பற்றி இரண்டு நிமிஷம். பிறகு அத்தான் அவளை எழுப்பி மெஷினிடம் கூட்டிப்போனார். சித்தியிடம் இருபத்தெட்டு மாசம் வரவில்லை. "பொம்பளைங்க கை எவ்வளவு வருஷமா தண்ணியிலயே கிடக்குது சித்தி. நகக்கண்ணெல்லாம் வெடிச்சு. அதப் பாத்துத்தான் வாங்கிப் போட்டேன்" என்றார். சித்திக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

நான்காம் நாள் வந்தவர் குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர். அவருக்குத் தண்ணீர்க் கணக்கு. குழாயைத் திறந்துவிட்டுக் கையால் தேய்த்தால் எத்தனை குடம் போகிறது, மெஷினுக்குப் பத்து லிட்டர் போதும். ஆறாம் நாள் டாக்டருக்குப் படிக்கும் பையன் ஒருவன் வந்தான். அவனிடம் எழுபது டிகிரி வெந்நீர், கிருமி. ஒவ்வொரு காரணமும் நல்ல காரணம். ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் நான்கு பேருக்கு நான்கு காரணம், எவரும் கேட்காமலே.

நான் பி.எட். மாணவர்களுக்கு முப்பது வருஷம் கல்வி உளவியல் நடத்தியவன். பாடத்தில் 'அறிதல் முரண்' என்று ஒரு பகுதி வரும். லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்கர் 1957-இல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. ஒருவர் மனத்தில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு எண்ணங்கள் இருந்தால் அது முள்ளாகக் குத்தும். முள்ளை எடுக்க, இரண்டில் எதை மாற்றுவது சுலபமோ அதை மாற்றிக்கொள்வார். 'நான் யோசித்துச் செலவு செய்கிறவன்' என்பது ஓர் எண்ணம். 'நாற்பத்திரண்டாயிரம் கொடுத்து வாங்கியது அவ்வளவாகப் பயன்படவில்லை' என்பது மற்றொன்று. முதலாவதை அறுபத்தேழு வயதில் மாற்ற முடியுமா? இரண்டாவதைத்தான் மாற்ற வேண்டும். கரும்பலகையில் இதை எழுதி, கீழே கோடு போட்டு, ஐந்து மதிப்பெண் கேள்வி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். அக்கா வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பாடமே புரிந்தது.

மெஷின் மோசமானது என்று சொல்லவில்லை. ஆறு பேர் சாப்பிடுகிற வீட்டில், பீங்கான் தட்டும் கண்ணாடி டம்ளரும் புழங்குகிற வீட்டில் அது நன்றாகவே உழைக்கும். இங்கே இருப்பது இரண்டு பேர். இரண்டு பேர் பாத்திரத்துக்கு மெஷின் நிறைய ஒன்றரை நாள் ஆகிறது. பாதி நிறைந்ததை ஓட்டினால் தண்ணீரும் மாத்திரையும் வீண் என்று அத்தான் ஓட்டவிட மாட்டார். ஆகவே பாத்திரம் உள்ளேயே காத்திருக்கிறது. பருப்பு காய்ந்து ஒட்டுகிறது, சோற்றுக் கஞ்சி தகடாகிறது. மறுநாள் காலை தாளிக்க வேண்டிய வாணலி உள்ளே எச்சிலோடு கிடக்கிறது. அக்கா அதை எடுத்துக் கையால் தேய்த்துக்கொள்கிறாள். இப்படி எடுத்து எடுத்து, மெஷின் நிறைய மேலும் அரை நாள்.

அலுமினியக் குக்கர் உள்ளே போகக்கூடாது, அந்த மாத்திரையின் காரம் பட்டால் கறுத்துவிடும். பித்தளை மங்கிவிடும். மரக்கரண்டி வெடித்துவிடும். இட்லிப் பானையைக் கீழ்த்தட்டில் வைத்தால் தண்ணீரைச் சுழற்றி அடிக்கிற கை அதில் இடித்து நின்றுவிடும். ஒரு ராத்திரி 'டக் டக்' என்று மூன்று மணி நேரம் கேட்டது. தட்டிலிருந்து நழுவிய கரண்டிக் காம்பு ஒன்றில் அந்தக் கை மோதிக்கொண்டே இருந்திருக்கிறது. கடுகும் கறிவேப்பிலையும் அடிச் சல்லடையில் அடைத்துக்கொள்ளும், அதை வாரம் ஒரு தடவை கழற்றிக் கழுவ வேண்டும். யார் கழுவுவது என்று சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் வேறு. மடிப்பாக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு ஊரறிந்தது. உப்புத் தண்ணீரை மென்மையாக்க மெஷினுக்குள்ளேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது வேலை செய்ய அதற்கென்று தனியாக விற்கிற உப்பைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உப்பு தீர்ந்துபோனால் விளக்கு எரியும். விளக்கைப் பார்க்காவிட்டாலும் கண்டுபிடித்துவிடலாம், கண்ணாடி டம்ளரில் வெள்ளையாக ஒரு படலம் விழும், துடைத்தாலும் போகாது. எனக்குத் தண்ணீர் கொடுத்த டம்ளரில் அந்தப் படலம் இருந்தது. என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பயந்துபோனேன்.

இருபத்தெட்டு மாசக் கணக்குக்கு வருகிறேன். உட்கார்ந்து செய்ய வேறு வேலை இல்லாததால் நானும் மனத்துக்குள் போட்டுப் பார்த்தேன். மாத்திரை ஒன்று சுமார் இருபது ரூபாய். இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஓட்டினால் மாதம் முந்நூறு. உப்பு, பளபளப்புக்கு ஊற்றுகிற திரவம் எல்லாம் சேர்த்து ஓர் இருநூற்றைம்பது. மின்சாரத்தை விட்டுவிடுவோம். மாதம் மிச்சம் 1,500 இல்லை, 950. அப்படியானால் 44 மாதம். மூன்று வருஷம் எட்டு மாதம். ஒரு காலணா தப்பினாலும் ராத்திரி தூங்காத மனிதர் மாத்திரையையும் உப்பையும் எப்படி விட்டார்? வகுத்தலில் பிழை இல்லை. எதை வகுப்பது என்பதில்தான்.

வாங்குவதற்கு முன் அவர் இப்படி இல்லையாம். அக்கா எனக்குச் சொட்டு மருந்து போடும்போது தணிந்த குரலில் சொன்னாள். மூன்று மாதம் ஒரு நோட்டில் நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் நல்லது, அந்தப் பக்கம் கெட்டது என்று எழுதிக்கொண்டிருந்தாராம். மாத்திரை விலை, உப்பு, அலுமினியம் எல்லாம் அந்த நோட்டில் இருந்ததாம். 'வேண்டாங்க, ரெண்டு பேருக்கு எதுக்கு' என்று அக்கா சொன்னதைக்கூட அந்தப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாராம். "கடையில கார்டத் தேச்சாரு. வண்டியில திரும்பி வரும்போதே பேச்சு மாறிடுச்சுடா. நோட்டு எங்க போச்சுன்னே தெரியல."

கனடாவில் வான்கூவர் குதிரைப் பந்தய மைதானத்தில் நாக்ஸ், இங்க்ஸ்டர் என்ற இருவர் செய்த ஆய்வு ஒன்று 1968-இல் வெளிவந்தது. இரண்டு டாலர் சீட்டு விற்கிற சன்னலுக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்களைக் கேட்டார்கள்: உங்கள் குதிரை ஜெயிக்கும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள்? ஏழுக்கு மூன்றரை என்கிற அளவில் பதில் வந்தது. பணம் கட்டிவிட்டு அரை நிமிஷத்துக்குள் சன்னலை விட்டு நகர்ந்தவர்களையும் கேட்டார்கள். ஐந்தை நெருங்கியது. குதிரை அதேதான், இன்னும் ஓடவே இல்லை. மாறியது ஒன்றுதான், பணம் கைவிட்டுப் போய்விட்டது. கார்டு தேய்த்த இடத்திலிருந்து மடிப்பாக்கம் வரும் வரை என்பது அரை நிமிஷத்தைவிட அதிகம்.

ஏழாம் நாள் காலை அத்தான் செய்தித்தாளில் ஒரு முழுப் பக்க விளம்பரத்தை மெதுவாகப் படித்துக்கொண்டிருந்தார். தன்னிடம் இருக்கிற அதே மெஷினின் விளம்பரம். வாங்கப் போகிறவன் விளம்பரம் படிப்பதில் அர்த்தம் உண்டு. வாங்கி ஐந்து மாதம் ஆனவருக்கு அதில் என்ன இருக்கிறது? இதையும் 1957-லேயே அமெரிக்காவில் கார் வாங்கியவர்களிடம் பார்த்திருக்கிறார்கள். புதிதாகக் கார் வாங்கியவர்கள், தாங்கள் வாங்க நினைத்து விட்டுவிட்ட கார்களின் விளம்பரத்தைவிடத் தங்கள் கார் விளம்பரத்தைத்தான் அதிகம் படித்தார்கள். பக்கத்தை மடித்து அக்காவிடம் நீட்டி, "பாத்தியா, இப்ப ரெண்டாயிரம் ஏறிடுச்சு. நாம வாங்கினது நல்ல நேரம்" என்றார். அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு அதில் வெண்டைக்காயை நறுக்கிப் போட்டாள்.

அதே வீட்டில் அவருடைய இன்னொரு முகமும் இருக்கிறது. பையன் பெங்களூரிலிருந்து ஒரு ரோபோ வாங்கி அனுப்பியிருக்கிறான். தானாகத் தரையில் ஊர்ந்து தூசு எடுப்பது. நிலைப்படியில் முட்டிக்கொண்டு நின்றுவிடும், கோலமாவு டப்பாவைக் கவிழ்த்துவிடும். "இந்தக் குப்பைய எந்த மடையன் வாங்குவான்? இவனுக்குக் காசு கொழுப்பு" என்று அத்தான் வாய்விட்டுச் சிரிக்கிறார். மெஷினுக்குச் சொன்ன எந்த நியாயத்தையும் இதற்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, வாங்கியது அவர் இல்லையே.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜாக் பிரெம் 1956-இல் வெளியிட்ட சோதனையை வகுப்பில் வருஷாவருஷம் சொல்வேன். இருநூறுக்கும் மேற்பட்ட மாணவிகளிடம் ரொட்டி சுடும் கருவி, காபி போடும் கருவி, மேஜை விளக்கு, கைரேடியோ என்று எட்டுப் பொருள்களைக் காட்டி ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு, இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத்தான் என்றார். எடுத்த பிறகு மறுபடி மதிப்பெண். ஏறக்குறைய ஒரே அளவு பிடித்திருந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தவர்களுக்கு, எடுத்தது உயர்ந்திருந்தது, விட்டது தாழ்ந்திருந்தது. சிலருக்கு மட்டும் தேர்வு தராமல் ஒரு பொருளை அவரே எடுத்துக் கொடுத்திருந்தார். அவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. எடுத்ததும் விட்டதும் இப்படி விலகுவதில் ஒரு பகுதி புள்ளியியல் மாயை, ஒருவர் எதைத் தேர்ந்தார் என்பதே அவருக்கு முன்பே எது கூடப் பிடித்திருந்தது என்று காட்டிவிடுகிறது என 2010-இல் சென், ரைசன் என்ற இருவர் மறுத்து எழுதினார்கள். அந்த மறுப்பில் பலம் உண்டு. ஆனால் ரோபோவைப் பார்த்துச் சிரிக்கிற அத்தானையும் மெஷினைத் துடைக்கிற அத்தானையும் ஒரே கூடத்தில் பார்த்தவனுக்கு, தானே எடுத்ததற்கும் தரப்பட்டதற்கும் நடுவில் என்னவோ இருக்கிறது என்றுதான் தோன்றும்.

'விட்டது தாழ்ந்தது' என்பதை வகுப்பில் மேம்போக்காகச் சொல்லிப் போயிருக்கிறேன். இந்த வீட்டில் விட்டது ரேடியோ இல்லை. ஒன்பது வருஷம் பாத்திரம் தேய்க்க வந்த அம்மா. மெஷின் வந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள். போன வருஷம் நான் வந்திருந்தபோது, 'இந்தம்மா கை பட்டா எவர்சில்வர் கண்ணாடி மாதிரி இருக்கும் மாப்ள' என்று இதே அத்தான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. இப்போது, "அது என்ன தேய்ப்பு? பிசுக்கு போகாது, சோப்பு போகாது. பாதி நாள் லீவு" என்கிறார். அக்கா உள்ளிருந்து, "ஒன்பது வருஷத்துல ஒரு தட்டு உடைஞ்சதில்ல" என்று மட்டும் சொன்னாள். அத்தான் காதில் விழவில்லை. அவள் நன்றாகத் தேய்த்தாள் என்பது உண்மையாக இருந்தால் மெஷின் எதற்கு? அதனால் அவள் நன்றாகத் தேய்க்காதவளாக ஆக வேண்டியிருக்கிறது. அவர் கெட்ட மனிதர் இல்லை. தீபாவளிக்கு அவளுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தவர்.

சமையலறை மூலையில் ஒரு கிரைண்டர் இருக்கிறது. பதினாறு வருஷப் பழசு. அதையும் அத்தான்தான் தேடி அலைந்து வாங்கினார். "சனியன், பஸ்ஸு மாதிரி இரையும். கல்லத் தூக்க ரெண்டு ஆள் வேணும். ஒரு தடவ பெல்ட் அறுந்து ஞாயித்துக்கிழம மானத்த வாங்கிடுச்சு" என்று திட்டுகிறார். திட்டிக்கொண்டே அதன் தலையில் கை வைத்திருக்கிறார். யாரிடமும் அதற்காக வாதாடுவதில்லை. வருகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவதில்லை. அது எத்தனை மாதத்தில் காசைத் திருப்பியது என்ற கணக்கும் இல்லை.

அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. வாங்கிய பொருள் நிஜமாகவே பிடித்திருந்தால் அதைக் குறை சொல்ல முடிகிறது. கிரைண்டர் இரைகிறது என்று சொன்னால் எதுவும் சரிந்துவிடாது. மெஷினில் அவர் ஒரு குறையும் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த 'டக் டக்' ராத்திரியில்கூட, "அது கழுவற சத்தம்" என்றார்.

பத்தாம் நாள் சாயங்காலம் மூன்றாம் மாடிக்காரர் வந்தார். ஐ.டி. வேலை, நாற்பது வயது இருக்கும். அவர் வீட்டில் வேலைக்கு வரும் அம்மா நின்றுவிடப் போகிறாளாம். நேராகக் கேட்டார், "அங்கிள், நிஜமா சொல்லுங்க. வாங்கலாமா?"

'நிஜமா' என்ற சொல்லைக் கேட்டு அக்கா கைவேலையை நிறுத்தினாள். நானும் நிமிர்ந்தேன். அத்தான் கண நேரம் மெஷினைப் பார்த்தார். முகத்தில் ஏதோ வந்து போன மாதிரி இருந்தது. அல்லது என் அரைப் பார்வைக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

"கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க சார். இருபத்தெட்டு மாசத்துல காசு திரும்பிடும்."

உங்கள் வீட்டில் எத்தனை பேர், என்ன பாத்திரம், என்ன தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லியிருக்கலாம். உப்பு, மாத்திரை, 44 மாதம் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அத்தான் வீட்டுச் சாப்பாட்டைப் பத்து நாளாகச் சாப்பிடுகிறவன் பேசக்கூடிய விஷயமில்லை. சும்மா இருந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "சார், அம்மாவுக்கும் கண்ணுல புரை. அடுத்த மாசம் ஆபரேஷன். நீங்க எந்த லென்ஸ் வெச்சீங்க?"

"மல்டிஃபோகல்" என்றேன். கிட்டப் பார்வை, தூரப் பார்வை இரண்டுக்கும் கண்ணாடி வேண்டியிருக்காது என்று சொல்லி வைக்கிற லென்ஸ். சாதாரண லென்ஸைவிட முப்பதாயிரம் அதிகம். என் மருமகன் வேண்டாம் என்றான். டாக்டரும் இரண்டையும் சொல்லி, முடிவு உங்களுடையது என்றார். நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

"எப்படி இருக்கு சார்?"

ராத்திரி பால்கனியில் நின்றால் தெருவிளக்கு ஒவ்வொன்றையும் சுற்றி வளையம் தெரிகிறது. எதிரே வருகிற வண்டி விளக்கு பூவாய் விரிந்து கண்ணை மறைக்கிறது. போகப் போகக் குறையும் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இன்னும் குறையவில்லை. முந்தின ராத்திரிகூட அங்கே நின்று, அந்த முப்பதாயிரத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ரொம்ப நல்லா இருக்கு. ராத்திரியில விளக்கச் சுத்தி லேசா ஏதோ தெரியும், அது ஒண்ணுமில்ல. நம்ம வயசுல ராத்திரி யாரு வண்டி ஓட்டப் போறா? ரெண்டாவது கண்ணுக்கும் இதேதான் வைக்கப் போறேன்."

கடைசி வாக்கியத்தை நான் முடிவே செய்திருக்கவில்லை. அத்தான் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நான் அவரைப் பார்த்து முதல் நாள் ஆட்டிய அதே மாதிரி.

பன்னிரண்டாம் நாள் கிளம்பினேன். போன வாரம் அக்கா போன் செய்தாள். மூன்றாம் மாடியில் அதே மெஷின் வந்து இறங்கிவிட்டதாம். அத்தான் மேலே போய் உப்பு எங்கே போடுவது என்று காட்டிவிட்டு வந்தாராம். அந்த ஐ.டி.காரருடைய அம்மாவுக்கு என்ன லென்ஸ் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.